மோட்டார் நல்லா இருக்கு, ஆன்டி

ஈப்போவில் நான் செய்யும் வேலைக்குச் சரியான பெயர் கிடையாது. புந்தோங், சிலிபின், லிட்டல் இந்தியா பக்கத்துக் கடைக்காரர்களுக்குத் தீபாவளி விற்பனைத் துண்டுப் பிரசுரம், கடை வாசலில் தொங்கும் பேனர், பில் புத்தகத்தின் பின்பக்க வாசகம் எல்லாம் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். "கவிஞர் வந்துட்டாரு" என்று கிண்டல் செய்வார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் நான் கண்டுகொண்ட ஒரு விஷயம் உண்டு. 'மாபெரும் தள்ளுபடி', 'நம்ப முடியாத விலை' என்றெல்லாம் எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டாலும் ஜனங்கள் கண்ணை ஓட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். 'கெட்டுப் போனால் என்ன செய்வோம்' என்று சொல்லும் வரியில் மட்டும் நின்று படிக்கிறார்கள். தாத்தா பாட்டிகள் பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறார்கள்.

அதனால் உத்தரவாதம் என்பது சட்டக்காரர்கள் எழுதும் சின்ன எழுத்துச் சமாசாரம் என்று நான் நினைப்பதில்லை. கடையில் இருப்பதிலேயே பலமான விளம்பரம் அதுதான். ஏமாற்றுவதற்கு வசதியான விளம்பரமும் அதுவேதான்.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் மரம் வெட்டியவர். தோட்டத்தை விட்டு வந்து, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, சொந்தக் காசில் அவர் வாங்கிய முதல் பெரிய பொருள் ஒரு துணி துவைக்கும் இயந்திரம். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். இயந்திரத்தின் மூடியில் உள்ளங்கை அகலத்தில் தங்க நிற ஸ்டிக்கர், அதில் '10 ஆண்டு வாரண்டி'. கடையில் வேறு இரண்டு இயந்திரங்கள் விலை குறைவாகவே இருந்தன. அம்மா ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் இதை எடுத்தார். "பத்து வருஷம் நான் இருப்பேனோ என்னவோ, மெஷின் இருக்கும்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இரண்டரை ஆண்டில் அது நின்றுவிட்டது. பட்டனை அழுத்தினால் விளக்குகூட எரியவில்லை. பழுது பார்க்க வந்த பையன் பின்பக்கத்தைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஆறுதல் சொல்வது போலச் சொன்னான்: "மோட்டார் நல்லா இருக்கு, ஆன்டி. போர்டுதான் போயிருச்சி."

பத்து ஆண்டு வாரண்டி மோட்டாருக்கு மட்டும்தான். ஸ்டிக்கரில் 'வாரண்டி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. அந்த நட்சத்திரத்துக்கான விளக்கம் பெட்டிக்குள் இருந்த கையேட்டில் இருந்தது. இயந்திரம் முழுவதற்கும் ஓராண்டு, மோட்டார் என்ற உதிரிப் பாகத்துக்குப் பத்து ஆண்டு, அதிலும் கூலியும் போக்குவரத்தும் நம் செலவு. போர்டுக்கும் கூலிக்கும் சேர்த்து அம்மா 380 வெள்ளி கட்டினார்.

இதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்த விளம்பரத்தின் சாமர்த்தியமே அதுதான். ஏன் மோட்டாருக்குப் பத்து ஆண்டு கொடுக்கிறார்கள்? இப்போது வரும் இன்வெர்ட்டர் மோட்டார்களில் உராய்ந்து தேயும் கார்பன் பிரஷ் கிடையாது. அசையும் பாகங்கள் குறைவு. அது அவ்வளவு எளிதில் கெடாது. கெடாத பாகத்துக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் கொடுத்தாலும் தயாரிப்பாளருக்குச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எளிதில் போவது மின்னணுப் போர்டு. நம் வீடுகளில் துணி இயந்திரம் எங்கே இருக்கிறது? பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே. அங்கே ஈரம், எறும்பு, போர்டின் சூட்டுக்குப் போய் ஒட்டிக்கொள்ளும் பல்லி, போதாததற்கு பேராக்கின் சாயங்கால இடி மின்னல். எறும்பு பல்லி புகுந்ததாலோ மின்னலாலோ வரும் பழுது செல்லாது என்று பல கையேடுகளில் தனி வரியே இருக்கும். எது கெடுமோ அதற்குச் சின்ன உத்தரவாதம், எது கெடாதோ அதற்குப் பெரிய உத்தரவாதம். ஸ்டிக்கரில் ஏறுவது பெரியது மட்டும். குளிர்சாதனப் பெட்டியில் கம்ப்ரஸர், தண்ணீர் சூடேற்றியில் சூடேற்றும் பாகம் என்று பல பொருள்களில் இதே வழிதான்.

தோட்டத்தில் அம்மாவுக்கு வேறு வகை உத்தரவாதம் பழக்கமாகியிருந்தது. சம்பள நாளுக்கு மறுநாள் லயத்துக்குத் துணி வியாபாரி சைக்கிளில் மூட்டையோடு வருவார். திண்ணையில் மூட்டையைப் பிரிப்பார். "சாயம் போனா அடுத்த சம்பளத்துக்குக் கொண்டாங்க, மாத்தித் தர்றேன்" என்பார். அவ்வளவுதான். தாள் கிடையாது, நட்சத்திரக் குறி கிடையாது. ஆனாலும் அந்தப் பேச்சை நம்பித் தீபாவளிக்கு ஐந்து பிள்ளைகளுக்கும் ஒரே துணியில் எடுத்தார்கள்.

ஏன் நம்பினார்கள்? அந்தக் காலத்து மனிதர்கள் நல்லவர்கள் என்று பெருமூச்சு விடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. காரணம் அதைவிடச் சாதாரணமானது. துணியின் விலையில் பாதி இன்னும் அம்மா கையில்தான் இருந்தது. அதைத் தவணையில் கொடுப்பார்கள். சாயம் போனால் மீதியைக் கொடுக்க மாட்டார்கள், அது வியாபாரிக்கும் தெரியும். அடுத்த மாதமும் அதே லயத்துக்கு அவர் வந்தாக வேண்டும். ஒரு வீட்டில் சாயம் போனால் பெரட்டு முடிவதற்குள் நாற்பது வீட்டுக்கும் தெரிந்துவிடும். அவருடைய வாய்ச்சொல்லுக்குப் பின்னால் வராத பாக்கியும் நாற்பது வீட்டு வியாபாரமும் ஜாமீனாக நின்றன.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சனங்கள் டவுனுக்கு வந்தபோது அந்த ஜாமீன் போய்விட்டது. கடைக்காரர் யாரோ, நாம் யாரோ. முழுக் காசையும் கொடுத்துவிட்டுப் பொருளைத் தூக்கி வருகிறோம். அந்த இடைவெளியை நிரப்பத்தான் தாளில் எழுதிய உத்தரவாதம் தேவைப்படுகிறது. இணைய அங்காடிகள் இன்று கடைகளின் வியாபாரத்தைப் பிடிப்பதற்கும் விலை மட்டுமே காரணமல்ல. பொருள் நம் கைக்கு வந்து, சரியென்று சொல்லும்வரை அல்லது குறிப்பிட்ட நாள் கழியும்வரை நம் பணத்தை விற்பவரிடம் கொடுக்காமல் நடுவில் நிறுத்தி வைத்துக்கொள்ளும் முறை பலவற்றில் இருக்கிறது. சைக்கிள் வியாபாரிக்கு அம்மா வைத்த பாக்கியும் இதுவும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லோஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்று இதைத்தான் பேசுகிறது. பழைய கார் விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் நல்ல காருக்கும் யாரும் நல்ல விலை கொடுக்க மாட்டார்கள். இந்தச் சிக்கலுக்கு அவர் சொல்லும் நிவாரணங்களில் ஒன்று உத்தரவாதம். கெடும் அபாயம் அதனால் வாங்குபவரிடமிருந்து விற்பவருக்கு மாறுகிறது. நான் கடைக்காரர்களிடம் இதை வேறு மாதிரிச் சொல்வேன்: "அண்ணே, பொய்யாயிருந்தா உங்களுக்குச் செலவு வைக்கிற வரியத்தான் சனம் நம்பும்." 'நம்பர் ஒன் தரம்' என்று போட்டால் தரமில்லாதவனுக்கும் அதே செலவுதான். 'ஏழு நாளில் மாற்றித் தருவோம்' என்று போட்டால் மட்டமான பொருள் விற்பவன் திவாலாகிவிடுவான்.

விளம்பரத்தில் சும்மா சொன்னோம் என்று தப்பித்துக்கொள்ள முடியுமா? இதற்கு நம் நாட்டில் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் தெரிந்த ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1891-இல் லண்டனில் 'கார்பாலிக் ஸ்மோக் பால்' என்ற கம்பெனி ரப்பர் உருண்டை ஒன்றை விற்றது. உள்ளே கார்பாலிக் அமிலத் தூள். உருண்டையை அழுத்தி, வரும் புகையை மூக்கில் இழுத்தால் இன்ஃபுளுவென்சா காய்ச்சல் வராது என்றார்கள். விலை 10 ஷில்லிங். சொன்னபடி தினம் மூன்று வேளை, இரண்டு வாரம் பயன்படுத்திய பிறகும் காய்ச்சல் வந்தால் 100 பவுன் தருகிறோம் என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தார்கள். அதோடு நிற்கவில்லை. நாங்கள் சும்மா சொல்லவில்லை என்பதைக் காட்ட 1,000 பவுன் பணத்தை அலையன்ஸ் வங்கியில் போட்டு வைத்திருக்கிறோம் என்றும் போட்டார்கள்.

விளம்பரம் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வங்கி வரி பிரமாதம். அதுதான் உருண்டையை விற்றிருக்கும். கார்லில் என்ற பெண்மணி வாங்கினார். 1891 நவம்பர் 20 முதல் மறு ஆண்டு ஜனவரி 17 வரை ஒழுங்காக இழுத்தார். காய்ச்சல் வந்தது. 100 பவுன் கேட்டார். இது வெறும் விளம்பர ஆரவாரம், இதை யாராவது ஒப்பந்தமாக எடுத்துக்கொள்வார்களா என்று கம்பெனி வாதாடியது. 1892 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்டது: ஆரவாரம் என்றால் வங்கியில் 1,000 பவுன் எதற்குப் போட்டீர்கள்? நம்பிக்கை வரவழைக்க எழுதிய வரியே அவர்களைக் கட்டிப் போட்டது. கார்லில் அம்மையாருக்குப் பணம் கிடைத்தது. (அவர் அதன் பிறகு 96 வயது வரை வாழ்ந்தார்.)

வழக்கைவிட எனக்குச் சுவாரசியமானது பிறகு நடந்தது. அதே கம்பெனி 1893-இல் புது விளம்பரம் போட்டது. பல ஆயிரம் உருண்டைகள் விற்றும் 100 பவுன் கேட்டு வந்தவர்கள் மூன்றே பேர், பாருங்கள் எங்கள் தரத்தை என்று தோற்ற வழக்கையே விளம்பரமாக்கியது. இந்த முறை பரிசு 200 பவுன். ஆனால் மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே கம்பெனியிடம் நிபந்தனைத் தாளைக் கேட்டு வாங்கி, கையெழுத்திட்டு, அதன் நகலை லண்டன் அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். மார்ச் 31 வரைதான் வாய்ப்பு. தொகை இரட்டிப்பாகியது, அதை அடையும் வழி குறுகியது. அம்மாவின் தங்க ஸ்டிக்கரின் கொள்ளுத்தாத்தா அந்த விளம்பரம்தான்.

நம் நாட்டில் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இதை இன்னும் தெளிவாக்கியிருக்கிறது. பொருளின் தரம், செயல்பாடு, பணத்தைத் திருப்பித் தருவது போன்றவை பற்றி, பொருளை விற்கும்போதோ எந்த வழியிலாவது விளம்பரப்படுத்தும்போதோ கொடுக்கும் வாக்குறுதியை அது வெளிப்படையான உத்தரவாதமாகவே கருதுகிறது. தயாரிப்பாளர் ஸ்டிக்கரில் போட்டாலும் பேனரில் போட்டாலும் வித்தியாசமில்லை.

அதைவிட முக்கியமானது, யாரும் எழுதிக் கொடுக்காவிட்டாலும் சட்டமே வைத்திருக்கும் உத்தரவாதம். பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது 32ஆவது பிரிவு. அதாவது எதற்காக விற்கப்படுகிறதோ அதற்கு உதவ வேண்டும், சின்னக் குறைகளும் இல்லாமல், பாதுகாப்பாக, நீடித்து உழைப்பதாக இருக்க வேண்டும். விலையையும் பொருளின் தன்மையையும் வைத்து அதை எடை போடுவார்கள். இதற்குப் பொறுப்பு விற்ற கடையும்தான். எனவே "கம்பெனிக்குப் போன் பண்ணுங்க" என்று கடை கையைக் கழுவ முடியாது. 'விற்ற பொருள் திருப்பி எடுக்கப்பட மாட்டாது' என்று நம் ஊர்க் கடைகளில் கல்லாப்பெட்டிக்கு மேலே மலாயிலும் தமிழிலும் தொங்குகிறதே, அந்தப் பலகை இந்த உரிமையை அழிக்காது. சட்டத்துக்கு மேலே ஒப்பந்தம் போட்டுக்கொள்ள முடியாது என்று 6ஆவது பிரிவு சொல்கிறது. உத்தரவாதமோ உரிமையோ இருக்கிறது, இல்லை என்று தவறாகச் சொல்வதையே 10ஆவது பிரிவு தடை செய்கிறது.

ஒரு எல்லையும் உண்டு. இந்தப் பாதுகாப்பு குறையுள்ள பொருளுக்கு மட்டும். வீட்டுக்குக் கொண்டு போன பிறகு நிறம் பிடிக்கவில்லை, மருமகளுக்குப் பெரிய சைஸ் வேண்டுமாம் என்று கடைக்குத் திரும்பினால், சட்டம் நம் பக்கம் இல்லை. அங்கே கடைக்காரர் தருவது முழுக்க அவருடைய தாராளம். விளம்பரம் எழுதுகிறவனுக்கு இது முக்கியமான கோடு. 'பழுதான பொருளை மாற்றித் தருவோம்' என்பதை ஏதோ சலுகை மாதிரி பேனரில் போடுகிறார்கள். சட்டப்படி செய்தே ஆக வேண்டியதை இனாம் போலக் காட்டுவது அது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் தடை செய்த வியாபாரத் தந்திரங்களின் பட்டியலில் இதையும் சேர்த்திருக்கிறது. நேர்மையான கடைக்கு உண்மையிலேயே பெருமை பேச இடமிருப்பது கோட்டின் அந்தப் பக்கம்: பிடிக்காவிட்டாலும் மாற்றுவேன், வண்டிச் செலவு என்னுடையது, பில் தொலைந்தாலும் பரவாயில்லை.

சென்ற ஆண்டு புந்தோங்கில் மின்சாதனக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். வாடிக்கை குறைகிறது, இளம் பிள்ளைகள் எல்லாம் போனிலேயே வாங்குகிறார்கள், நல்ல வாசகமாக ஒன்று வேண்டும் என்றார். அவர் கையிலேயே ஒன்று வைத்திருந்தார்: '100% திருப்தி உத்தரவாதம்'. கல்லாவுக்கு மேலே 'திருப்பி எடுக்கப்பட மாட்டாது' பலகை.

"அண்ணே, ரெண்டையும் ஒண்ணா வச்சா சனம் எத நம்பும்?"

"மேல இருக்கிறது ரொம்ப நாளா இருக்குப்பா. யாரு படிக்கிறா?"

எல்லாரும் படிக்கிறார்கள். 'திருப்தி' என்ற சொல்லுக்கு அளவு கிடையாது என்பதால் அது யாரையும் தொடாது. பலகைக்கு அளவு இருக்கிறது.

நான் வாசகம் எழுதுவதற்கு முன் அவருடைய நோட்டைக் கேட்டேன். விளம்பரம் எழுத நோட்டு எதற்கு என்று சந்தேகமாகப் பார்த்தார். நிறைவேற்ற முடியாத உத்தரவாதத்தை எழுதிக் கொடுப்பது எனக்கு வழக்கமில்லை. கணக்கை முழு எண்களாக்கிச் சொல்கிறேன். ஓராண்டில் விற்ற குளிர்சாதனப் பெட்டியும் துணி இயந்திரமும் சேர்ந்து 200. பழுது என்று வந்தவை 8. அதில் 6 முதல் வாரத்திலேயே வந்துவிட்டன. மின்சாதனங்களில் இது வழக்கம்தான். தொழிற்சாலைக் குறையோ வண்டியில் பட்ட அடியோ இருந்தால் பெரும்பாலும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். அந்த 6-க்கும் மொத்த வியாபாரியே புதுப் பொருள் கொடுத்துவிட்டார். கடைக்காரருக்கு உண்மையில் ஆன செலவு லாரி எண்ணெய், ஏற்றி இறக்கக் கூலி. ஒரு தடவைக்கு 60 வெள்ளி என்று வைத்தால் எட்டுக்கும் 480 வெள்ளி. இருநூறு பொருளுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 2 வெள்ளி 40 காசு.

அண்ணன் காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார். பேனர் அச்சடிக்க மட்டும் அதைவிட அதிகம் செலவழித்திருந்தார்.

அவருடைய பயம் வேறு. "ஏழு நாள்னு போட்டா, கல்யாணத்துக்கு வாங்கி ஓட்டிட்டு எட்டாம் நாள் கொண்டாந்து நிறுத்துவானே?" நியாயமான பயம்தான். அமெரிக்காவில் எல்.எல்.பீன் என்ற கடை எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுக்கலாம் என்ற கொள்கையால் பல பத்தாண்டுகள் பெயரெடுத்தது. பழைய பொருள் சந்தையில் எடுத்த சட்டையையெல்லாம் கொண்டுவந்து நீட்டியதால், 2018-இல் ஓராண்டு என்று குறைத்து, பில்லும் கேட்கத் தொடங்கியது. ஆனால் தாராளம் எல்லாமே ஒரே மாதிரி நஷ்டம் தருவதில்லை. 2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இந்தத் துறையின் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. திருப்பித் தரும் கொள்கையில் தாராளம் காட்டினால் வாங்குவது கூடுகிறது. திருப்பிக் கொடுப்பதும் கூடுமென்றாலும் அந்த அளவுக்கு இல்லை. முழுப் பணமும் தருவது, அலைச்சலைக் குறைப்பது ஆகியவை வாங்கத் தூண்டுகின்றன. கால அவகாசத்தைக் கூட்டினால் திருப்பிக் கொடுப்பது குறையவே செய்கிறது. நாள் நிறைய இருக்கிறதே என்று வைத்துக்கொள்கிறோம், அதற்குள் பொருள் பழகிவிடுகிறது. எதையெல்லாம் திருப்பலாம் என்பதில் கட்டுப்பாடு இல்லாமல் விட்டால்தான் கடைக்கு வேலை கூடுகிறது.

எனவே நான் நாளில் கஞ்சத்தனம் காட்டாமல், எது சேரும் எது சேராது என்பதைத் தெளிவாக எழுதினேன். கடைசியில் ஏற்றுக்கொண்ட வாசகம் இது:

'வாங்கிய 14 நாளுக்குள் பழுதானால் புதுசு தருவோம். நாங்களே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வோம், வண்டிச் செலவு எங்களுடையது. புந்தோங், சிலிபின், சிம்மோர், சுங்கை சிப்புட் வரை. பில் தொலைந்தால் கவலை வேண்டாம், உங்கள் போன் எண் எங்கள் நோட்டில் இருக்கும். 14 நாளுக்குப் பிறகும் கம்பெனி வாரண்டிக்கு நாங்களே அலைவோம். பிடிக்கவில்லை என்றால், பெட்டி பிரிக்காமல் இருந்தால் மட்டும், 7 நாளுக்குள் வேறு பொருள் மாற்றிக்கொள்ளலாம், பணம் கிடையாது.'

இதில் அழகான சொல் ஒன்றுமில்லை. 'பணம் கிடையாது' என்பதை எடுத்துவிடச் சொன்னார் அண்ணன், வியாபாரம் கெட்டுவிடுமாம். நான் விடவில்லை. ஒரு வரியில் 'இல்லை' என்று சொல்லும் கடையின் மற்ற 'உண்டு'களை ஜனங்கள் நம்புகிறார்கள். ஊர்ப் பெயர்களும் அதற்குத்தான். 'இலவசப் போக்குவரத்து' என்றால் கடைசியில் ஏதோ ஒரு தூரத்தில் நிறுத்திவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். சிம்மோர் என்று எழுதிவிட்டால் சிம்மோர்க்காரர் தன் ஊர்ப் பெயரைப் பார்க்கிறார்.

கம்பெனி வாரண்டியைப் பற்றி இன்னொரு அட்டை எழுதினோம், ஒவ்வொரு பொருளின் மேலும் ஒட்ட. அதில் நான்கே விவரம்: முழு இயந்திரத்துக்கு எத்தனை ஆண்டு, எந்தப் பாகத்துக்கு மட்டும் கூடுதல் ஆண்டு, போர்டு எதில் சேர்கிறது, கூலி யாருடையது. தங்க ஸ்டிக்கருக்குப் பக்கத்திலேயே ஒட்டினோம். இதனால் பத்து ஆண்டு ஸ்டிக்கருள்ள இயந்திரத்தின் விற்பனை குறைந்ததா என்று கேட்டால், கொஞ்சம் குறைந்தது. முழு இயந்திரத்துக்கும் இரண்டு ஆண்டு தரும் வேறொன்று அந்த இடத்தைப் பிடித்தது. கடைக்கு இரண்டும் ஒரே இலாபம்தான்.

இந்தக் கட்டுரையை வாசிக்கும் இளம் தம்பதிகள் புது வீட்டுக்குச் சாமான் வாங்கப் போகும்போது அந்த நான்கு கேள்விகளையும் கடையில் கேளுங்கள். பதிலைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்டிக்கரையும் பேனரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பிரச்சினை வந்து கடை கையை விரித்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள். பொதுவாக வழக்கறிஞர் கூடாது என்பதால் கம்பெனியின் ஆளும் நீங்களும் சமமாக உட்கார்வீர்கள். பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றமாகிறது. அம்மாவின் போர்டு மாதிரி விஷயத்தில், இத்தனை விலை கொடுத்த இயந்திரம் இரண்டரை ஆண்டில் நிற்பது 'நீடித்து உழைப்பது' ஆகுமா என்று அங்கே வாதிடலாம். வெற்றி நிச்சயமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு மோட்டாரின் வயது பதிலாகாது.

புந்தோங் கடையில் 'திருப்பி எடுக்கப்பட மாட்டாது' பலகை இறங்கி எட்டு மாதமாகிறது. இதுவரை பழுதென்று அழைத்து எடுத்து வந்தவை ஐந்து. பெட்டி பிரிக்காமல் மாற்றியது ஒன்று, ஒரு பாட்டி அரிசி குக்கரைக் கொண்டுவந்து கெட்டில் எடுத்துக்கொண்டு போனார், மேல் காசு பன்னிரண்டு வெள்ளி கொடுத்து. கல்யாணத்துக்கு ஓட்டிவிட்டு வந்தவர் யாரும் இல்லை. போன வாரம் கடைக்குப் போனபோது, என் வாசகத்துக்குக் கீழே அண்ணன் மார்க்கர் பேனாவால் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்: 'ஞாயிறு மதியம் லாரி வராது, டிரைவர் தூங்குவார்.' இரண்டு பிள்ளைகள் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.